சைட்டிசின்: 25 நாள், 100 மாத்திரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகரெட் பழக்கத்தை நிறுத்த சைட்டிசின் என்று ஒரு மாத்திரை வந்திருக்கிறதாமே, புது மருந்தா?

மேற்கு நாடுகளுக்குத்தான் புதிது. பல்கேரியாவின் சோபார்மா நிறுவனம் ‘டேபெக்ஸ்’ என்ற பெயரில் 1964 முதல் இதை விற்று வருகிறது. சோவியத் ஒன்றியத்திலும் கிழக்கு ஐரோப்பாவிலும் இரண்டு மூன்று தலைமுறை புகைபிடிப்பவர்களுக்கு இது பழகிய பெயர். மேற்கில் பெரிய ஆய்வுகள் நடக்காததால் அங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. 2011-இல் வார்சாவில் 740 பேரை வைத்து நடந்த ஆய்வு வெளிவந்த பிறகுதான் நிலைமை மாறியது. மருந்து எடுத்தவர்களில் 8.4 சதவீதம் பேர் ஓராண்டு முழுக்கப் புகைக்காமல் இருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் அது 2.4 சதவீதம்.

மருந்துப் பொருள் லபர்னம் என்ற மரத்தின் விதையிலிருந்து வருகிறது. ஐரோப்பியத் தோட்டங்களில் மஞ்சள் சரம் சரமாகத் தொங்கும் மரம் அது. நம் சரக்கொன்றையையும் ஆங்கிலத்தில் ‘இந்தியன் லபர்னம்’ என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. கொன்றை வேறு இனம். இந்த மருந்து அதிலிருந்து எடுக்கப்படுவதில்லை. அசல் லபர்னத்தின் விதையோ விஷம். மாத்திரையில் இருப்பது அளந்து வைத்த 1.5 மில்லிகிராம், காயில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. விதையை மென்று பார்க்கும் யோசனை யாருக்கும் வர வேண்டாம்.

சில நாடுகளின் பெட்டிகளிலும் ஆய்வுகளிலும் ‘சைட்டிசினிக்லின்’ என்று இருக்கும். இரண்டும் ஒன்றே.

இதுவும் நிகோடின் சூயிங்கம் மாதிரிதானா?

இல்லை, இதில் நிகோடின் கிடையாது. மூளையில் நிகோடின் போய் உட்காரும் இடங்கள் இருக்கின்றன. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, சைட்டிசின் முன்னதாகவே போய் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த இடத்தில் சும்மாவும் இருப்பதில்லை. நிகோடின் தரும் தூண்டலில் ஒரு பகுதியைத் தானும் தருகிறது, அதனால் விட்டவருக்கு வரும் எரிச்சலும் தவிப்பும் தணிகின்றன. அந்த நேரத்தில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தால் நிகோடின் வந்து பார்க்கும், இடம் நிரம்பியிருக்கும். வழக்கமான ‘கிக்’ கிடைக்காது. முதல் வாரத்தில் பலரும் “சிகரெட் சப்பென்று இருக்கிறது” என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். மருந்து வேலை செய்வதன் அடையாளம் அது.

புகையை நிறுத்தத் தரப்படும் இன்னொரு மாத்திரையான வரெனிக்ளினும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. அதில் வியப்பில்லை, ஏனென்றால் சைட்டிசினின் மூலக்கூறை முன்மாதிரியாக வைத்துத்தான் ஃபைசர் நிறுவனம் வரெனிக்ளினை உருவாக்கியது. அமெரிக்காவில் 2006-இல் அனுமதி கிடைத்து ‘சாண்டிக்ஸ்’ என்றும், மற்ற நாடுகளில் ‘சாம்பிக்ஸ்’ என்றும் விற்பனைக்கு வந்தது.

அட்டவணையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை, எப்போது போட வேண்டும்?

காலை 7 மணிக்கு முதல் மாத்திரை போடும் ஒருவரை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

முதல் 3 நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு 6. அதாவது காலை 7, 9, 11, பிற்பகல் 1, 3, மாலை 5. மூன்றாம் நாள் முடிவில் 18 தீர்ந்து பெட்டியில் 82 இருக்க வேண்டும்.

4-ஆம் நாள் முதல் 12-ஆம் நாள் வரை இரண்டரை மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு 5. காலை 7, 9.30, பகல் 12, 2.30, மாலை 5. பன்னிரண்டாம் நாள் இரவு எண்ணினால் 37 மிச்சம் இருக்கும்.

13 முதல் 16 வரை மூன்று மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு 4. மிச்சம் 21.

17 முதல் 20 வரை ஐந்து மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு 3. மிச்சம் 9.

கடைசி ஐந்து நாள் நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு. 21 முதல் 24 வரை இரண்டிரண்டு, 25-ஆம் நாள் ஒன்று என்று வைத்துக்கொண்டால் பெட்டி சரியாகக் காலியாகும்.

இந்த மிச்சக் கணக்கைப் பெட்டியின் மேல் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 82, 37, 21, 9. பன்னிரண்டாம் நாள் எண்ணும்போது 37-க்குப் பதிலாக 50 இருந்தால் பதின்மூன்று வேளை தவறியிருக்கிறது என்று பொருள். “மாத்திரை போட்டும் ஆசை போகவில்லை” என்று சொல்வதற்கு முன் அட்டையை எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும்.

தண்ணீருடன் விழுங்கினால் போதும். எந்த நாளிலும் ஆறுக்கு மேல் போகக் கூடாது.

இப்படி இரண்டு மணிக்கு ஒருமுறை எதற்கு? வரெனிக்ளின் காலை ஒன்று, இரவு ஒன்று போதும் என்கிறார்களே.

உடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதுதான் வித்தியாசம். சைட்டிசின் ஏறத்தாழ 5 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும், பெரும்பகுதி அப்படியே சிறுநீரில் போய்விடும். வரெனிக்ளின் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும்.

மாலை 5 மணிக்குக் கடைசி மாத்திரை போட்டவர் மறுநாள் காலை 7 மணிக்கு எழும்போது, சைட்டிசினில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் உடலில் இருக்கும். அதே 14 மணி நேர இடைவெளியில் வரெனிக்ளின் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். நாளின் முதல் சிகரெட் மேல் ஆசை மிகக் கடுமையாக வரும் நேரத்தில்தான் சைட்டிசின் உடலில் மிகக் குறைவாக இருக்கிறது. அதனால் முதல் மாத்திரையைப் பல் துலக்கிய கையோடு போட்டுவிட வேண்டும். “டீ குடித்துவிட்டுப் போடலாம்” என்று தள்ளினால் டீயோடு சிகரெட்டும் வந்துவிடும். இரவிலேயே தலையணை அருகே ஒரு மாத்திரையும் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். (வீட்டில் குழந்தைகள் இருந்தால் மட்டும் இது வேண்டாம், உயரத்தில் பூட்டி வையுங்கள்.)

சிலருக்குக் காலையைவிட இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஆசை அதிகம். அவர்கள் முதல் மாத்திரையை 9 மணிக்கு நகர்த்தினால், முதல் மூன்று நாள் கடைசி மாத்திரை இரவு 7-க்கு வரும். அதற்கும் பிந்தினால் தூக்கம் கெடலாம்.

எனக்கு இரவு ஷிஃப்ட். மாலை 6 மணிக்குத்தான் எழுவேன். என்ன செய்வது?

கடிகார மணியை விட்டுவிடுங்கள். எழுந்த நேரத்தைத் தொடக்கமாக வையுங்கள். மாலை 6 மணிக்கு எழுந்தால் முதல் மூன்று நாள் 6, 8, 10, 12, 2, 4 என்று போகும். ஆனால் ஷிஃப்ட் மாறும் வாரத்தில் தொடங்க வேண்டாம். பகல் வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையே தாவும் இரண்டு நாளில் இடைவெளி குழம்பி, மாத்திரை ஒன்றாகச் சேர்ந்தோ விட்டுப்போயோ கெட்டுவிடும். குறைந்தது முதல் 12 நாளாவது ஒரே ஷிஃப்டில் இருக்கும்படி தொடங்கும் தேதியைத் தேர்ந்தெடுங்கள்.

கைபேசியில் அலாரம் வைக்கும்போது ஐந்து கட்டத்துக்கும் தனித்தனியாக வையுங்கள். 4-ஆம் நாள் வந்தும் பழைய இரண்டு மணி அலாரமே அடித்துக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கூட்டத்தில் இருக்கும்போது, வண்டி ஓட்டும்போது அலாரம் அடித்தால் அணைத்துவிட்டு மறந்துவிடுவோம். அதனால் ஒலியை அணைத்தாலும் திரும்ப அடிக்கும் முறையில் வைக்க வேண்டும். அன்றைக்கு வேண்டிய மாத்திரைகளை மட்டும் சிறு டப்பாவில் எடுத்துப் போனால், டப்பாவே கணக்குச் சொல்லும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் இரண்டாகப் போடலாமா?

கூடாது. அடுத்த வேளைக்கு உரிய ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு அட்டவணையில் தொடருங்கள். இரண்டு மாத்திரை ஒரே நேரத்தில் உள்ளே போனால் குமட்டலும் படபடப்பும் வரலாம். அதைச் சகிக்க முடியாமல் மருந்தையே விட்டுவிடும் நிலை வரும்.

5-ஆம் நாள் விட வேண்டுமாம். அதற்குள் எப்படி? விடவில்லை என்றால்?

முதல் நான்கு நாள் புகைப்பதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், 5-ஆம் நாளுக்குள் முழுக்க நிறுத்திவிட வேண்டும். நாளுக்கு 20 பிடிப்பவர் முதல் நாள் 14, இரண்டாம் நாள் 9, மூன்றாம் நாள் 5, நான்காம் நாள் 2 என்று போகலாம். சிகரெட் சப்பென்று ஆகிவிடுவதால் இது நினைப்பதைவிட எளிது. ஐந்தாம் நாள் காலை வீட்டில் சிகரெட்டும் இருக்கக் கூடாது, தீப்பெட்டியும் இருக்கக் கூடாது.

அந்த நாளுக்குப் பிறகும் வழக்கம்போலப் பிடித்துக்கொண்டே மாத்திரையும் போடுவது ஆபத்தான வழி. நிகோடினும் அதைப் போலவே இயங்கும் மருந்தும் சேர்ந்து குமட்டல், படபடப்பு, தலைசுற்றலைக் கூட்டும். அப்படி ஆகிவிட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு, 2 முதல் 3 மாதம் கழித்துத் திரும்பத் தொடங்கலாம் என்பதே மருந்துக் குறிப்பேட்டின் வழிகாட்டுதல். நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை ஆகியவற்றையும் இதோடு சேர்க்கக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுவே.

எட்டாம் நாள் ஒரு திருமண வீட்டில் ஒன்று பிடித்துவிட்டு மறுநாள் பிடிக்காதவரை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர் தொடரட்டும், ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லட்டும். தினமும் பிடிக்க ஆரம்பித்துவிட்டவரைப் பற்றித்தான் மேலே சொன்னது.

பக்க விளைவு என்னென்ன? தூக்கமே வரவில்லை, இது மாத்திரையாலா?

வாய் உலர்தல், குமட்டல், பசி மாற்றம், தலைவலி, எரிச்சல், தூக்கக் கேடு ஆகியவை அதிகம் வருபவை. பெரும்பாலும் தொடக்க நாட்களில் வந்து அடங்கிவிடும். இவற்றில் சில, புகையை விட்டதாலேயே வருபவை. மாத்திரையே எடுக்காமல் விட்டவருக்கும் எரிச்சலும் தூக்கக் கேடும் வரும்.

தூக்கம் விஷயத்தில் பலரும் தவறவிடும் ஒன்று காபி. சிகரெட் புகை, கல்லீரலில் காஃபீனை உடைக்கும் நொதியை முடுக்கிவிடும். புகை நின்றதும் அந்த நொதி மெதுவாகிவிடும்; பழைய அதே நான்கு தம்ளர் காபி இப்போது உடலில் ஏறத்தாழ இரண்டு மடங்கு தங்கும். கை நடுக்கம், படபடப்பு, விடிய விடிய விழிப்பு எல்லாம் வரும், பழி மாத்திரை மேல் விழும். விடும் நாளிலிருந்து காபியைப் பாதியாக்கிப் பாருங்கள்.

இதே நொதிதான் ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், மனநல மருந்துகளான க்ளோசபின், ஒலான்சபின் ஆகியவற்றையும் உடைக்கிறது. இவற்றில் எதையாவது எடுப்பவர், சைட்டிசின் போட்டாலும் போடாவிட்டாலும், விடப்போகும் தேதியை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அளவைக் குறைக்க வேண்டி வரும். க்ளோசபினில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

தொடர் வாந்தி, நெஞ்சு படபடப்பு நிற்காமல் இருத்தல், மூச்சுத் திணறல், வலிப்பு ஆகியவை அளவு மீறியதற்கான அறிகுறிகள். காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

யார் எடுக்கக் கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், நிலையற்ற நெஞ்சுவலி உள்ளவர்கள், கடுமையான இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள். சிறுநீரகம் அல்லது கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும், 18 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கும் போதிய அனுபவம் சேராததால் பிரிட்டனின் குறிப்பேடு பரிந்துரைக்கவில்லை. கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் ஆணுறை போன்ற இன்னொரு தடுப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் வரெனிக்ளினுக்கு ஒரு தெளிவான மேல்கை உண்டு. சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கும் அளவைக் குறைத்துத் தர, அதற்கு வகுத்த முறை இருக்கிறது. எழுபது வயதுக்காரருக்கும் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்துத் தரலாம்.

நேராகச் சொல்லுங்கள், சைட்டிசினா, வரெனிக்ளினா, எது நல்லது?

இரண்டும் கையருகே கிடைத்து, உடல்நிலையும் இடம் கொடுத்தால் வரெனிக்ளின் பக்கம் ஒரு சிறு சாய்வு நியாயம். சைட்டிசினின் மூலக்கூறில் குறை இருப்பதாலன்று. 25 நாள் என்பது குறைவு, அதுதான் காரணம்.

ஆஸ்திரேலியாவில் 1,452 பேரை வைத்து நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வில், சைட்டிசின் 25 நாளும் வரெனிக்ளின் 84 நாளும் தரப்பட்டன. ஆறு மாதம் தொடர்ந்து விட்டிருந்தவர்கள் சைட்டிசினில் 11.7 சதவீதம், வரெனிக்ளினில் 13.3 சதவீதம். வேறுபாடு சிறியதுதான். ஆனாலும் ‘சைட்டிசின் குறைந்ததல்ல’ என்று நிறுவ முன்பே வகுத்திருந்த வரம்பை ஆய்வால் எட்ட முடியவில்லை. பக்க விளைவுப் புகார்கள் சைட்டிசினில் குறைவு.

அதே ஆண்டு நியூசிலாந்தில் மாவோரி மக்களிடமும் அவர்களது குடும்பத்தாரிடமும் நடந்த ஆய்வில் சைட்டிசினையும் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே சைட்டிசின் 12.1 சதவீதம், வரெனிக்ளின் 7.9 சதவீதம், வரம்பை எட்டியது. இரண்டு ஆய்வின் மக்களும் வேறு, எனவே எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஆனாலும் காலத்தை நீட்டினால் சைட்டிசின் தாக்குப்பிடிக்கிறது என்ற எண்ணத்துக்கு இது வலு சேர்க்கிறது.

இன்னும் நேரடியான சான்று 2023-இல் வந்தது. அமெரிக்காவில் 810 பேரிடம் 3 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை என்ற புதிய முறையைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு 6 வாரம், ஒரு பிரிவுக்கு 12 வாரம். 24-ஆம் வாரம் வரை விட்டிருந்தவர்கள் 6 வாரப் பிரிவில் 8.9 சதவீதம், 12 வாரப் பிரிவில் 21.1 சதவீதம். ஒரே மருந்து, ஒரே அளவு, காலம் மட்டும் இரு மடங்கு.

வரெனிக்ளினின் தொல்லைகள் குமட்டலும் விசித்திரமான கனவுகளும். வயிறு நிறையச் சாப்பிட்டு ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு போட்டால் குமட்டல் பெரிதும் குறையும். வெறும் வயிற்றில் போட்டவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். அதன் அட்டவணை: முதல் 3 நாள் 0.5 மில்லிகிராம் ஒருவேளை, 4 முதல் 7 வரை 0.5 இருவேளை, 8-ஆம் நாளிலிருந்து 1 மில்லிகிராம் இருவேளை, மொத்தம் 12 வாரம்.

வரெனிக்ளின் மனநிலையைக் குலைக்கும், தற்கொலை எண்ணம் தரும் என்ற பயம் இன்னும் உலவுகிறது. 8,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வு, மனநலச் சிக்கல் உள்ளவர்களையும் சேர்த்தே பார்த்தது. போலி மாத்திரையோடு ஒப்பிட்டால் அத்தகைய நிகழ்வுகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இதற்காக மருந்துக் குறிப்பேட்டில் போட்டிருந்த ‘கறுப்புப் பெட்டி’ என்ற கடும் எச்சரிக்கையை நீக்கியது.

ஆகவே தேர்வு இப்படி அமையும். அலாரம் வைத்து வேளை தவறாமல் எடுக்கக்கூடியவர், மூன்று மாதம் மாத்திரை என்றால் மலைப்பவர், வரெனிக்ளினில் வாந்தி எடுத்து விட்டவர் ஆகியோருக்கு சைட்டிசின். சிறுநீரகச் சிக்கல் உள்ளவர், முதியவர், இரண்டு மணிக்கு ஒருமுறை மாத்திரை போட வாய்ப்பில்லாத வேலையில் இருப்பவர், முன்பு 25 நாள் முடிந்த கையோடு திரும்பப் பிடித்தவர் ஆகியோருக்கு வரெனிக்ளின்.

25 நாள் முடிந்தது. 30-ஆம் நாள் ஆசை திரும்ப வருகிறது. இன்னொரு பெட்டி வாங்கலாமா?

நீங்களாக நீட்டிக்க வேண்டாம். பழைய அட்டவணை 25 நாளுக்கு மட்டும்தான் அனுமதி பெற்றது. மேலே சொன்ன 12 வார ஆய்வுகள் வேறு அட்டவணையில், கண்காணிப்பில் நடந்தவை. 25-ஆம் நாள் முடிந்தபின் ஆலோசகரிடம் போய், தேவைப்பட்டால் நிகோடின் சூயிங்கம் அல்லது பட்டைக்கு மாறுவது, அல்லது மருத்துவர் வழியாக வரெனிக்ளினுக்குப் போவது நடைமுறையில் நல்ல பாதை. இதற்கான சந்திப்பை 20-ஆம் நாளிலேயே குறித்துவிட வேண்டும். நாளுக்கு மூன்று மாத்திரையாகக் குறையும்போதே யாருக்கு ஆசை முண்டுகிறது என்பது தெரிந்துவிடும்.

எந்தெந்த நாட்டில் கிடைக்கிறது? சீட்டு வேண்டுமா?

போலந்திலும் பல்கேரியாவிலும் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கலாம். போலந்தில் ‘டெஸ்மாக்சான்’, ‘டேபெக்ஸ்’ என்ற பெயர்கள். ஜெர்மனியில் ‘அஸ்மோக்கன்’, ஸ்பெயினில் ‘டோடசித்தான்’, இரண்டுக்கும் சீட்டு வேண்டும். கனடாவில் ‘க்ராவ்’ என்ற பெயரில் இயற்கை மருந்துப் பொருள் வகையில், சீட்டில்லாமல் விற்கப்படுகிறது. டொராண்டோவில் இருப்பவர்கள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ‘இயற்கை’ என்ற சொல் இருப்பதால் மேலே சொன்ன தடைகள் தளர்ந்துவிடாது. இதய நோயாளிக்கு இது அங்கேயும் அதே மருந்துதான்.

பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் மருத்துவர் சீட்டின் பேரில் கிடைக்கிறது. வேகமான வழி ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவர் அல்ல, உங்கள் பகுதி உள்ளாட்சியின் புகை நிறுத்த உதவி மையம். எல்லாப் பகுதியும் இதை வாங்கி வைப்பதில்லை, தொலைபேசியில் முதலிலேயே கேளுங்கள். அங்கே வரெனிக்ளினும் 2021-இல் காணாமல் போனது. ஃபைசர் மாத்திரைகளில் நைட்ரோசமைன் மாசு வரம்பு மீறியதால் நிறுத்தப்பட்டது. பிற நிறுவனத் தயாரிப்பாக 2024 நவம்பரில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் திரும்ப வந்தது. அதனால் முன்பு கேட்டு ‘இல்லை’ என்று திரும்பியவர்கள் இப்போது இரண்டையும் கேட்கலாம்.

அமெரிக்காவில் அச்சீவ் லைஃப் சயன்சஸ் நிறுவனம், மூன்று வேளை 3 மில்லிகிராம் முறைக்கு அனுமதி கேட்டு 2025 ஜூனில் எஃப்.டி.ஏ.விடம் விண்ணப்பித்தது.

சென்னையில் மருந்துக்கடையில் கேட்டால் முழிக்கிறார்கள். இந்தியாவில் இருப்பவர் என்ன செய்வது?

இந்தியாவில் வழக்கமாகக் கைக்கு எட்டுபவை நிகோடின் சூயிங்கமும், மருத்துவர் சீட்டின் மேல் வரெனிக்ளினும், புகையை நிறுத்தத் தரும் மற்றொரு மாத்திரையான பூப்ரோபியானும். சைட்டிசினைத் தேடி மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட வரெனிக்ளினை இன்றே தொடங்குவது மேல்; அதன் பின்னே உள்ள ஆய்வுகளும் அதிகம். ஆலோசனைக்கு 1800-11-2356 என்ற இலவச எண் உண்டு, சிகரெட் பெட்டியிலேயே அச்சாகியிருக்கும்.

இணையத்தில் முகவரியில்லாத கடைகள் ‘டேபெக்ஸ்’ அனுப்புவதாகச் சொல்கின்றன. அட்டையில் 1.5 மில்லிகிராம் என்ற அளவு, தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் இல்லாத மாத்திரையை வாயில் போட வேண்டாம். அளவு தவறினால் நிகோடின் விஷம் ஏறியதைப் போன்ற விளைவு வரும்.

காசநோய்க்கு மருந்து எடுக்கிறேன், பீடியையும் விட வேண்டும். இது உதவுமா?

இதற்கு நம் அண்டை நாடுகளிலிருந்தே விடை இருக்கிறது. வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் 2,472 காசநோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. எல்லோருக்கும் ஆலோசனை தரப்பட்டது, பாதிப் பேருக்கு சைட்டிசின், பாதிப் பேருக்குப் போலி மாத்திரை. ஆறு மாதம் விட்டிருந்தவர்கள் 32.4 சதவீதமும் 29.7 சதவீதமும். மருந்தால் பெரிதாக எதுவும் கூடவில்லை. ஆலோசனையோடு மட்டுமே மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் விட்டுவிட்டார்கள். பிரிட்டனின் குறிப்பேடு காசநோய் மருந்துகளோடு சைட்டிசினைச் சேர்க்க வேண்டாம் என்கிறது. எனவே காசநோய் மாத்திரை தரும் மையத்திலேயே பீடியைப் பற்றிப் பேசுங்கள்.

குட்கா, ஹான்ஸ் போடுபவருக்கும், வேப் பிடிப்பவருக்கும்?

வேப்புக்கு ஒரு தொடக்கநிலைச் சான்று உண்டு. 160 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் 9 முதல் 12-ஆம் வாரம் வரை விட்டிருந்தவர்கள் சைட்டிசினில் 31.8 சதவீதம், போலி மாத்திரையில் 15.1 சதவீதம். அது 3 மில்லிகிராம், மூன்று வேளை, 12 வாரம். 25 நாள் பெட்டிக்கு இந்த எண்ணைப் பொருத்தக் கூடாது. மெல்லும் புகையிலைக்கு உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆலோசனையோடு வரெனிக்ளினையோ நிகோடின் மாற்றுப் பொருளையோதான் சொல்கிறது. குட்கா போடுபவர் சைட்டிசினைத் தேடி அலைய வேண்டியதில்லை.